லிட்டருக்கு ஆறு பைசா: பில் வராத செலவை எப்போது எழுதுவது?

2006ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ நிலையைப் பட்டறைகள் 2007 ஜூலை இறுதிக்குள் எட்ட வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் கட்ட வேண்டும். 2007 ஜனவரி 1இல் லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கிய அந்த அபராதம் படிப்படியாக 10 பைசா வரை ஏறும். அன்றைக்குத் திருப்பூரிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 8 முதல் 9 கோடி லிட்டர் சாயக்கழிவு நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உத்தரவு வாங்கியவர்கள் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கத்தினர். பாசனத்துக்கென 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியதைக் கண்ணால் பார்த்த விவசாயிகள் அவர்கள்.

இந்த வழக்கின் சுற்றுச்சூழல் பக்கம் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதன் கணக்குப் பக்கத்தை அநேகமாக யாரும் தொடவில்லை. உத்தரவு வந்து மூன்று மாதத்தில் மார்ச் 31 வந்தது. ஒவ்வொரு சாயப்பட்டறையும் அன்றைய தேதியிட்டு இருப்புநிலைக் குறிப்பு தயாரிக்க வேண்டியிருந்தது. அபராதத்தில் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று தீர்மானமாகத் தெரியாது, மேல்முறையீடு இருக்கிறது. விவசாயிகளுக்கான இழப்பீட்டில் தன் பங்கு எவ்வளவு என்பதிலும் சண்டை இருக்கிறது. இவை போதாதென்று சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, ஊர்ப்பேச்சில் ஆர்.ஓ. பிளான்ட்டுக்கு, கோடிக்கணக்கில் போட்டாக வேண்டும். எதற்கும் பில் வரவில்லை, எதையும் இன்னும் கட்டவில்லை. இவற்றில் எதை அந்த ஆண்டின் செலவாக எழுதுவது, எதைக் குறிப்பாக மட்டும் சொல்வது, எதைக் கணக்கில் தொடாமலே விடுவது?

ஒரு பட்டறையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 2 லட்சம் லிட்டர் கழிவுநீர், மாதம் 25 நாள் ஓட்டம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதத்தில் வெளியேறியது ஒன்றரைக் கோடி லிட்டர். கணக்கு எளிதாக இருக்கத் தொடக்க விகிதமான 6 பைசாவையே வைத்துப் பெருக்கினால் அபராதம் 9 லட்சம் ரூபாய். விவசாயிகள் இழப்பீட்டில் இவர் பங்கு 3 லட்சம் என்று கொள்வோம். பொது சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ. அமைக்க இவர் போட வேண்டியது ஒன்றரைக் கோடி. இந்த மூன்றில் எது பெரியது, எது நிச்சயமானது என்று பட்டறைக்காரரைக் கேட்டால் யோசிக்காமல் ஆர்.ஓ. பிளான்ட்டைத்தான் சொல்வார். அதைப் போடாவிட்டால் பட்டறை ஓடாது. ஆனால் கணக்கியல் விதிப்படி அந்த ஆண்டு செலவில் ஒரு பைசாகூட எழுதக் கூடாதது அதுதான். எழுதியே ஆக வேண்டியது, அவர் ‘கோர்ட்ல பாத்துக்கலாம்’ என்று தள்ளிவைக்கும் அபராதம்.

இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் வெளியிட்ட 29ஆம் கணக்கியல் தரநிலை 2004 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் கணக்காண்டுகளுக்கு நடைமுறைக்கு வந்தது. 1998இல் வந்த பன்னாட்டுத் தரநிலை 37ஐ ஒட்டி எழுதப்பட்டது அது. தொகையோ தேதியோ உறுதியாகத் தெரியாத ஒரு கடனை ஆடிட்டர்கள் ‘புரொவிஷன்’ என்று சொல்லும் ஒதுக்கீடாக எழுத, அது மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறது. ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றால் இன்றைக்கு ஒரு கடப்பாடு இருக்க வேண்டும்; அதைத் தீர்க்கப் பணம் போவதற்கான வாய்ப்பு, போகாமலிருப்பதற்கான வாய்ப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும்; தொகையை நம்பத்தக்க அளவில் மதிப்பிட முடிய வேண்டும். மூன்றும் பொருந்தினால் அது செலவு. லாப நட்டக் கணக்கில் ஏறும், இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாக நிற்கும். வாய்ப்பு பாதிக்குக் கீழே, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது என்றால் அது ‘கன்டிஜென்ட் லயபிலிட்டி’, நிகழக்கூடும் பொறுப்பு. கணக்கில் ஏறாது, குறிப்பில் மட்டும் வரும். தொகையை எவ்விதத்திலும் மதிப்பிட முடியாத கடனும் அதே இடத்துக்குத்தான் போகும். வாய்ப்பே அற்றுப்போனதற்குக் குறிப்பும் வேண்டாம்.

கணக்கு வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது நிபந்தனையில்தான் மல்லுக்கு நிற்கிறார்கள். வருமா வராதா என்பதே கேள்வி என்று நினைக்கிறார்கள். என் பார்வையில் சிக்கலின் முடிச்சு முதல் நிபந்தனையில் இருக்கிறது. அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நாளைக் காலையில் பட்டறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டால், இந்தப் பணத்தை அப்போதும் கொடுக்க வேண்டியிருக்குமா? ஆம் என்றால் கடன் ஏற்கெனவே பிறந்துவிட்டது. இல்லை என்றால் அது எதிர்காலத்துச் செலவு, எவ்வளவு நிச்சயமாக வரக்கூடியதாக இருந்தாலும்.

ஆர்.ஓ. பிளான்ட்டை இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள். பட்டறைக்காரர் சாயத் தொழிலையே விட்டுவிடலாம். நீரில்லாத வேலைக்கு, நிட்டிங்குக்கோ காம்பாக்டிங்குக்கோ மாறலாம். அப்படிச் செய்தால் ஒன்றரைக் கோடி போட வேண்டியதில்லை. ஆக, அந்தச் செலவு அவர் இனிமேல் எடுக்கப்போகும் முடிவைப் பொறுத்தது. நேற்று ஓடிய தண்ணீரால் வந்ததல்ல. பன்னாட்டுத் தரநிலையிலேயே இதற்கு அச்சு அசலான எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒரு தொழிற்சாலை குறிப்பிட்ட தேதிக்குள் புகை வடிகட்டி பொருத்த வேண்டும் என்று சட்டம் வருகிறது. தேதி கடந்தும் அது பொருத்தவில்லை. அப்போதும் வடிகட்டியின் விலைக்கு ஒதுக்கீடு கிடையாது. சட்டத்தை மீறி ஓட்டிய நாட்களுக்கான அபராதம் வரும் என்பது வராது என்பதைவிட வாய்ப்புள்ளதாக இருந்தால், அதற்குத்தான் ஒதுக்கீடு. நொய்யல் வழக்கின் இரண்டு தொகைகளும் அந்த எடுத்துக்காட்டில் பெயர் மட்டும் மாறி உட்கார்ந்திருக்கின்றன. தவிர, ஆர்.ஓ. பிளான்ட் கட்டி முடிந்தால் அது சொத்து. பல ஆண்டு உழைக்கும், ஆண்டுதோறும் தேய்மானமாகத்தான் செலவில் வரும். ஒரே ஆண்டில் ஒன்றரைக் கோடியை ஒதுக்கீடு என்று எழுதி நட்டம் காட்டிய பட்டறை இருந்தால், அது எச்சரிக்கையாக இருந்தது என்று சொல்ல முடியாது. கணக்கைத் தப்பாக எழுதியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அபராதம் அப்படியில்லை. மார்ச் 31க்குள் ஒன்றரைக் கோடி லிட்டர் ஆற்றுக்குப் போய்விட்டது. நாளைக்குப் பட்டறையை மூடினாலும் போன தண்ணீர் திரும்பாது, அதற்கான 9 லட்சக் கடனும் நீங்காது. மேல்முறையீடு நிலுவையில் இருப்பதால் இதை ஒதுக்கீடாக எழுத வேண்டாம், குறிப்பில் ஒரு வரி போதும் என்பது அன்றைக்கு மட்டுமல்ல, இன்றைக்கும் எல்லாத் தொழிலிலும் கேட்கிற வாதம். மேல்முறையீடு போடுவது நம் கையில் இருக்கிறது. போட்டதனாலேயே ஜெயிக்கும் வாய்ப்பு கூடிவிடாது. கேட்க வேண்டிய கேள்வி, இந்த உத்தரவு மேலே நிற்குமா விழுமா என்பது. வக்கீலிடம் அதைத்தான் எழுத்தில் வாங்க வேண்டும். ‘வழக்கு நிலுவையில் உள்ளது’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் வக்கீல் கடிதத்தால் ஆடிட்டருக்கு எந்தப் பயனும் இல்லை.

அன்றைய நிலையில் நிற்கும் என்று கணிக்கப் போதிய காரணம் இருந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பின் தொடர்ச்சியாகச் சூழல் இழப்புக்கு ஈடு நிர்ணயிக்கும் ஆணையம் ஒன்று தமிழ்நாட்டில் அமைந்தது. பத்தாண்டுகளாக உறுதிப்பட்டு வந்த ஒரு கோட்பாட்டின் மேல் எழுதப்பட்ட உத்தரவு எளிதில் விழாது. விழவும் இல்லை. 2009 அக்டோபர் 6 அன்று சாயப்பட்டறை உரிமையாளர் சங்கத்தின் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. ஜீரோ டிஸ்சார்ஜை எட்ட மூன்று மாத அவகாசம் மட்டும் கொடுத்தது. அதை வைத்து 2007இல் குறிப்பு மட்டும் எழுதியவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பின்னால் நடந்ததைக் கொண்டு முன்னால் எடுத்த கணிப்பை மதிப்பிடுவது நியாயமில்லை. ஆனால் கணிப்பே எடுக்காமல், மேல்முறையீட்டு எண்ணைக் குறிப்பில் போட்டுவிட்டு நகர்ந்திருந்தால் அது வேறு விஷயம்.

இங்கே வரியையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அபராதத்தைச் செலவாக எழுத வேண்டும் என்பது வேறு, அதற்கு வருமான வரியில் கழிவு கிடைக்குமா என்பது வேறு. அன்றைக்கு நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37(1)ஆம் பிரிவின் விளக்கம், சட்டம் தடைசெய்த செயலுக்காகச் செய்த செலவைக் கழிக்க விடவில்லை. வரியில் கழிவில்லை என்பதற்காகக் கணக்கில் எழுதாமல் விட்டால், கடன் கொடுத்த வங்கிக்கும் கூட்டாளிகளுக்கும் பொய்யான லாபத்தைக் காட்டியதாகும். திருப்பூரில் பல பட்டறைகள் பங்குதாரர் நிறுவனங்கள். அந்த லாபத்தை நம்பிப் பங்குதாரர்கள் பணம் எடுத்துவிட்டால், பிறகு கோர்ட்டில் கட்ட வேண்டிய நாளில் யார் எடுத்ததை யார் திருப்பிக் கொடுப்பது?

விவசாயிகளின் இழப்பீடு இதைவிட நுணுக்கமானது. மேலே சொன்ன ஆணையம் 2004 டிசம்பரில் சுமார் 25 கோடி ரூபாயை 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு வழங்கும்படி நிர்ணயித்தது. கடன் எப்போது பிறந்தது? நிலத்தில் உப்பு ஏறியது 1990களிலேயே. சட்டக் கடப்பாடு 1996லிருந்து சந்தேகமில்லாமல் இருந்தது. ஆனால் எவ்வளவு, யார் பங்கு என்ன என்று நம்பத்தக்க மதிப்பீட்டுக்கு அடிப்படை கிடைத்தது ஆணையத்தின் கணக்கீட்டில்தான். மூன்றாவது நிபந்தனை நிறைவேறிய நாள் அது. தற்செயலாக, 29ஆம் தரநிலை அமலுக்கு வந்த முதல் கணக்காண்டும் அதுவே: 2005 மார்ச் 31இல் முடிந்த ஆண்டு. அதற்கு முன்பு வரை, கடப்பாடு உண்டு ஆனால் தொகை தெரியாது என்று குறிப்பில் நிற்க வேண்டிய பொறுப்பு, அந்த ஆண்டில் செலவாக உள்ளே வந்திருக்க வேண்டும்.

பங்கு பிரிப்பதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். பொது சுத்திகரிப்பு நிலையத்தில் பல பட்டறைகள் உறுப்பினர்கள். எல்லாரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று ஒரு கடன் விழுந்தால், என் பங்கு எனக்கு ஒதுக்கீடு. மற்றவர்கள் கட்டுவார்கள் என்று நான் நம்பும் மீதி எனக்கு நிகழக்கூடும் பொறுப்பு. இரண்டு பட்டறை கைவிரித்துவிட்டால் அவர்கள் பங்கில் என் தலையில் விழுவது குறிப்பிலிருந்து கணக்குக்குள் நகர்ந்துவிடும். ஆகவே உறுப்பினர்களில் யார் திணறுகிறார் என்பது திருப்பூர் பட்டறைக்காரருக்கு வெறும் ஊர்ச்செய்தியாக இருக்க முடியாது.

அபராதத்தில் கடன் ஒரு நாளில் ஒரு உத்தரவால் கண்ணுக்குத் தெரிந்தது. வாரண்டியில் அப்படித் தெரியாது. விற்கும்போதே கடனும் சேர்ந்து போகிறது, எந்தப் பெட்டியில் போகிறது என்று மட்டும் தெரியாது. இதற்கான இந்தியச் சட்டத்தை நிலைநாட்டியது ஒரு சென்னை நிறுவனத்தின் வழக்கு. ரோட்டார்க் கன்ட்ரோல்ஸ் இந்தியா, குழாய் வால்வுகளை இயக்கும் ஆக்சுவேட்டர் கருவிகளை விற்றது. இயக்கத்துக்கு வந்த நாளிலிருந்து 12 மாதம், அல்லது அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. விற்பனையில் ஒன்றரைச் சதவீதத்தை வாரண்டிக்கு ஒதுக்கி வந்தது. 1991-92 மதிப்பீட்டு ஆண்டில் 10 லட்சத்துச் சொச்சம் ஒதுக்கி, மிகை என்று கண்ட சுமார் 5 லட்சத்தைத் திருப்பி எழுதி, மீதியைச் செலவாகக் கோரியது. வருமான வரித் துறை மறுத்தது. தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது, சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் இது நிகழக்கூடும் பொறுப்பு மட்டுமே என்று அதை மாற்றியது. 2009 மே 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி எஸ்.எச். கபாடியா, நீதிபதி அஃப்தாப் ஆலம் அமர்வு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது, நீதிமன்றம் ஒரு கருவியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தது. தனி ஒரு ஆக்சுவேட்டர் பழுதாகுமா என்றால் யாருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கில் விற்றவற்றில் சில பழுதாகும் என்று கடந்த ஆண்டுகளின் வரலாறு காட்டினால், விற்ற தொகுதி முழுவதன் மீதும் இன்றைக்கே ஒரு கடன் இருக்கிறது. வாடிக்கையாளர் புகார் தரும்வரை காத்திருந்தால், இந்த ஆண்டு விற்பனையின் செலவு அடுத்த ஆண்டு லாபத்தைத் தின்னும். ஆனால் வரலாறு இல்லாவிட்டால் இந்த வாதம் நிற்காது என்பதையும் அதே தீர்ப்பு தெளிவாக்கியது. புதிதாக ஒரே ஒரு பெரிய இயந்திரம் செய்து விற்றவர் விற்பனையில் இரண்டு சதவீதம் என்று எழுத முடியாது. எதன் இரண்டு சதவீதம்?

பனியன் ஏற்றுமதிக்கு வாரண்டி கார்டு கிடையாது. ஆனால் வெளிநாட்டு பையர் ஒப்பந்தத்தில் அதே கடன் வேறு பெயரில் இருக்கிறது: ஷேட் மாறினால், சலவையில் சுருங்கினால், கிராமேஜ் குறைந்தால், சாயம் விட்டால் டெபிட் நோட். சரக்கு கப்பலேறி, அங்கே கிடங்கில் இறங்கி, பரிசோதனை முடிந்து டெபிட் நோட் வருவதற்கு மூன்று நான்கு மாதம் ஆகலாம். மார்ச் 31 அன்று பார்த்தால் டிசம்பரிலிருந்து அனுப்பியவை எல்லாம் இன்னும் புகார் வரக்கூடிய காலத்துக்குள்தான் இருக்கின்றன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 60 கோடி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம். மூன்று ஆண்டு டெபிட் நோட்டுகளைக் கப்பலேறிய மாதவாரியாக அடுக்குகிறோம். டெபிட் நோட் வந்த மாதவாரியாக அல்ல, அந்தத் தவறு சகஜமாக நடக்கிறது. பெரிய தனிப் புகார்களை ஒதுக்கிவைத்தால், சில்லறைக் கழிவுகள் ஏற்றுமதி மதிப்பில் சராசரி 1 சதவீதம். கடைசி நான்கு மாதத்தில் அனுப்பியது 18 கோடி. அதில் 40 லட்ச ரூபாய் ஆர்டர் ஒன்று தனி. அதற்குப் பிறகு வருகிறேன். மீதி 17 கோடியே 60 லட்சத்தில் 1 சதவீதம் 17 லட்சத்து 60 ஆயிரம். அந்தச் சரக்குக்கு மார்ச்சுக்குள்ளேயே 5 லட்சத்துக்கு டெபிட் நோட் வந்து கணக்கில் ஏறிவிட்டது. ஆக இனி வரவேண்டியதற்கு 12 லட்சத்து 60 ஆயிரம்.

இப்போது அந்த 40 லட்ச ஆர்டர். பிப்ரவரியில் போனது. ஏப்ரல் 10 அன்று, கணக்கில் கையெழுத்து விழுவதற்கு முன், சிவப்பு உடல்பகுதியின் சாயம் வெள்ளைக் கழுத்துப்பட்டையில் ஏறுகிறது என்று பையிங் ஏஜென்டிடமிருந்து மெயில் வருகிறது. புகார் ஏப்ரலில் வந்தது, ஆகவே அடுத்த ஆண்டுச் செலவு என்று சொல்லத் தோன்றும். ஆனால் சாயம் சரியாக ஏறாத துணி பிப்ரவரியிலேயே பெட்டிக்குள் போய்விட்டது. மார்ச் 31 அன்று இருந்த நிலைமையைத்தான் ஏப்ரல் மெயில் தெரியப்படுத்துகிறது. இது இந்த ஆண்டுக்கே உரியது. மதிப்பிடும் முறைதான் மாறுகிறது. நூற்றுக்கணக்கான சில்லறை ஆர்டர்களுக்குச் சராசரி சரி. ஒற்றைப் புகாருக்குச் சராசரி பொருந்தாது, நடக்க அதிக வாய்ப்புள்ள முடிவு எதுவோ அதை எடுக்க வேண்டும். பையர் முழுச் சரக்கையும் திருப்பமாட்டார், 30 சதவீதத் தள்ளுபடியில் முடிப்பார் என்று கடிதப் போக்குவரத்து காட்டினால் 12 லட்சம். மொத்த ஒதுக்கீடு 24 லட்சத்து 60 ஆயிரம். பெரிய புகார்களையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிட்டு மேலே இந்த 12 லட்சத்தையும் போட்டிருந்தால், ஒரே செலவை இரண்டு முறை எழுதியிருப்போம். சராசரியில் எது சேர்ந்திருக்கிறது என்று கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் நம்பக் கூடாது. (புதிய இந்திய தரநிலைகளைப் பின்பற்றும் பெரிய நிறுவனங்களில் இத்தகைய தள்ளுபடி செலவாக வராமல் விற்பனைத் தொகையிலேயே குறையும், லாபத்தில் விளைவு ஒன்றுதான்.)

ஏற்றுமதியாளர் உடனே கேட்பார்: சாயம் விட்டது ஜாப் ஒர்க் பட்டறையின் குற்றம், அந்த 12 லட்சத்தை அவர்களிடம் பிடித்துக்கொள்வேன், எனக்கு என்ன செலவு? தரநிலை இதில் கண்டிப்பானது. பையருக்கு நான் கொடுக்க வேண்டியது என் கடன், முழுதாக எழுத வேண்டும். பட்டறையிடமிருந்து திரும்ப வரும் என்பது ஏறக்குறைய நிச்சயம் என்றால் மட்டுமே அதைத் தனியாகச் சொத்தாக எழுதலாம். கடனுக்கு ‘வாய்ப்பு அதிகம்’ போதும், வரவுக்கு ‘ஏறக்குறைய நிச்சயம்’ வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டு எழுத்தில் கொடுத்திருந்தாலோ, அவருக்கு நாம் தரவேண்டிய கூலி பில் 12 லட்சத்துக்கு மேல் நம் கையில் நின்று, அதில் பிடித்துக்கொள்ள அவர் சம்மதித்திருந்தாலோ நிச்சயம் என்று சொல்லலாம். நூல் சரியில்லை, துவைத்த முறை சரியில்லை என்று அவர் மறுத்துக்கொண்டிருந்தால் ஒரு ரூபாய்கூட எழுத முடியாது.

ஒதுக்கீட்டைத் துஷ்பிரயோகம் செய்வதும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நல்ல ஆண்டில் தாராளமாக ஒதுக்கி லாபத்தைக் குறைத்துக் காட்டி, மோசமான ஆண்டில் சத்தமில்லாமல் திருப்பி எழுதி லாபத்தை உயர்த்தலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரே அட்டவணை போதும்: ஆண்டுத் தொடக்க இருப்பு, புதிதாக ஒதுக்கியது, உண்மையில் செலவானது, திருப்பி எழுதியது, இறுதி இருப்பு. ரோட்டார்க் வழக்கில் ஐந்து லட்சத்தைத் திருப்பி எழுதியது நிறுவனத்துக்குப் பலவீனமாக இருக்கவில்லை, மதிப்பீடு நடைமுறையோடு ஒத்துப் பார்க்கப்படுகிறது என்பதற்கு அது சான்றாக நின்றது. மூன்று நான்கு ஆண்டுகளாகச் செலவானது சொற்பமாகவும் இறுதி இருப்பு ஏறிக்கொண்டும் போனால் சதவீதம் பழையது, அல்லது வேண்டுமென்றே ஊதப்பட்டது. எதற்காக ஒதுக்கினோமோ அதற்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்பதும் விதி. டெபிட் நோட்டுக்கு ஒதுக்கியதில் விமானச் சரக்குக் கட்டணத்தைக் கழித்தால் இரண்டு கணக்குமே கெட்டுவிடும்.

2011 ஜனவரி 28 அன்று, ஜீரோ டிஸ்சார்ஜ் இன்னும் எட்டப்படவில்லை என்று கண்ட உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அந்த மார்ச் 31இல் வேறு ஒரு தூண்டுதல் வந்திருக்கும்: வரப்போகும் மாதங்கள் முழுக்க நட்டம்தான், அதை இப்போதே ஒதுக்கிவிடலாமே என்று. கூடாது. எதிர்கால இயக்க நட்டத்துக்கு ஒதுக்கீடு கிடையாது. பூட்டிச் சாவி கொடுத்தால் அந்த நட்டம் வராது என்பதால், அதே சோதனையில் அது விழுந்துவிடுகிறது. ஓடாத இயந்திரங்களின் மதிப்பு குறைந்திருந்தால் அதைக் குறைத்து எழுத வேண்டும். அது வேறு விதி, வேறு கணக்கு.

பட்டறைகள் பிறகு ஜீரோ டிஸ்சார்ஜோடு திறந்தன. ஆற்றில் போனது ஆர்.ஓ.விலும் ஆவியாக்கியிலும் பிரிந்து, கலப்பு உப்பும் சேறுமாக மூட்டைகளில் நிற்கத் தொடங்கியது. லிட்டருக்கு அபராதம் போய்விட்டதால் இந்தத் தொழிலில் வராத பில்லின் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த மூட்டைகளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு டன் சேறும் ஏற்கெனவே சாயம் போட்ட துணியின் விளைவு. பட்டறையை நாளைக்கே மூடினாலும் அதை சிமென்ட் ஆலைக்கோ பாதுகாப்பான கழிவுக் கிடங்குக்கோ அனுப்பியே ஆக வேண்டும். ஒரு பட்டறையின் பங்குக்கு 200 டன் நிற்கிறது, லாரி வாடகையும் சேர்த்து டன்னுக்கு 2,000 ரூபாய் ஆகும் என்று வைத்தால், 4 லட்சம் ரூபாய் இந்த ஆண்டுச் செலவு, லாரி ஜூனில் வந்தாலும். மார்ச் 31 அன்று துணி இருப்பும் சாய இருப்பும் எண்ணப் போகிற ஆள், கொட்டகைக்குள் போய் இந்த மூட்டைகளையும் எண்ணி, எடை போட்டு, சுத்திகரிப்பு நிலையத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டு எழுதி வர வேண்டும்.